ரிக் வண்டிக்கு 46-ஆ, 68-ஆ? ஹைட்ராலிக் ஆயில் கிரேடை வெப்பநிலை பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்படி

திருச்செங்கோட்டில் இருந்து கிளம்பும் போர்வெல் ரிக் வண்டிகள் ஒரே ஊர் வெயிலில் ஓடுவதில்லை. ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தில் விடியற்காலை 5 டிகிரியில் எஞ்சினைத் தட்டுகிறார்கள். அதே வண்டி மே மாதம் விதர்பாவில் 45 டிகிரி வெயிலில் நின்று 600 அடி இறக்குகிறது. ஹைட்ராலிக் டேங்க்கில் இருப்பதோ இரண்டுக்கும் ஒரே எண்ணெய். காலையில் பம்ப் கத்துகிறது, மதியம் ராடு தூக்க மாட்டேன் என்கிறது. அப்போதுதான் "68 ஊற்றலாமா, 46-க்கு மாறலாமா" என்ற கேள்வி வருகிறது. பெரும்பாலும் அதற்குப் பக்கத்து வண்டிக்காரர் என்ன ஊற்றுகிறாரோ அதுதான் பதில்.

இதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். கணக்கும் கஷ்டமில்லை. ரிக் வண்டியை வைத்துச் சொல்கிறேன். ஜேசிபிக்கும் பொக்லைனுக்கும் வழி இதேதான், பம்ப்பின் எண்கள் மட்டும் மாறும்.

## கேனில் இருக்கும் எண் எதைச் சொல்கிறது

ஐஎஸ்ஓ விஜி 68 என்றால், 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெயின் பாகுத்தன்மை சுமார் 68 சென்டிஸ்டோக். பத்து சதவீதம் ஏற்ற இறக்கத்துக்கு அனுமதி உண்டு. ஆக 61.2-லிருந்து 74.8 வரை எதுவும் 68-தான். 46 என்றால் 41.4-லிருந்து 50.6 வரை. தரம் நல்லதா கெட்டதா, தேய்மானத்தைத் தடுக்கும் மருந்து எவ்வளவு கலந்திருக்கிறது என்பதையெல்லாம் இந்த எண் சொல்லாது.

40 டிகிரி என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. உங்கள் பம்ப் 40 டிகிரியில் வேலை செய்வதே இல்லை. காலையில் அதற்கு வெகு கீழே தொடங்கி, மதியம் அதைப்போல் இரண்டு மடங்கில் நிற்கிறது. சாதாரண ஹைட்ராலிக் ஆயில் இரண்டும் வழியில் எப்படி மாறுகின்றன என்று பாருங்கள். வெப்பம் மாறும்போது பாகுத்தன்மை எவ்வளவு குறைவாக மாறுகிறது என்பதைச் சொல்வது பாகுத்தன்மைக் குறியீடு, அதாவது விஐ. அது 100-ஐ ஒட்டிய எண்ணெய்களுக்கான சுமாரான எண்கள் இவை, சென்டிஸ்டோக்கில்.

| எண்ணெயின் வெப்பம் | 46 | 68 |
|---|---|---|
| 0 டிகிரி | 580 | 1030 |
| 5 டிகிரி | 385 | 660 |
| 20 டிகிரி | 135 | 215 |
| 60 டிகிரி | 21 | 29 |
| 80 டிகிரி | 11 | 15 |
| 85 டிகிரி | 10 | 13 |

குளிரில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பூதாகரமாகத் தெரிகிறது. சூட்டில் நான்கே நான்கு சென்டிஸ்டோக்தான். ஆனால் பம்ப் பிழைப்பதும் சாவதும் அந்த நான்கில்தான்.

## முதல் வேலை: பம்ப் என்ன கேட்கிறது என்று பாருங்கள்

பம்ப்பின் நேம்பிளேட்டில் இருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் கேட்டலாக்கை எடுங்கள். அதில் பாகுத்தன்மைக்கு மூன்று எண்கள் இருக்கும். குளிர்ந்த ஸ்டார்ட்டுக்கு அதிகபட்சம் ஒன்று, முழு லோடில் ஓடும்போது இருக்கலாம் என்ற வரம்பு ஒன்று, எக்காரணம் கொண்டும் இதற்குக் கீழே போகக்கூடாது என்ற குறைந்தபட்சம் ஒன்று.

வேன் பம்ப்களில் ஸ்டார்ட்டுக்கு 860 வரை, வேலைக்கு 13-லிருந்து 54 வரை என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். பிஸ்டன் பம்ப்களில் வேலைக்கு 16-லிருந்து 36 வரை நல்லது, 10-க்குக் கீழே கூடாது என்ற மாதிரி இருக்கும். உங்கள் பம்ப்புக்கு உங்கள் கேட்டலாக் சொல்வதே கணக்கு. ஒரே வண்டியில் பம்ப் ஒரு வகையாகவும் ரொட்டேஷன் மோட்டார் வேறு வகையாகவும் இருந்தால், இரண்டில் எது கண்டிப்பானதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

## இரண்டாவது: எண்ணெயின் சூட்டை அளங்கள், ஊரின் சூட்டை அல்ல

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். "எங்கள் ஊர் வெயில் 42, அதனால் 68" என்பது பதிலே இல்லை. ஒரே 42 டிகிரி வெயிலில் கூலர் சுத்தமாக இருக்கும் வண்டியில் எண்ணெய் 70-ல் நிற்கும், கூலர் அடைத்த வண்டியில் 90-ஐத் தொடும். இரண்டுக்கும் ஒரே கிரேடைச் சொல்ல முடியுமா?

அளப்பதற்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும், கடைகளில் டெம்பரேச்சர் கன் என்று கேட்டால் தருவார்கள். ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். பளபளப்பான உலோகத்தில் அடித்தால் அது உண்மையைவிடக் குறைத்துத்தான் காட்டும். பம்ப்புக்குப் போகும் சக்‌ஷன் பைப்பில், பம்ப்புக்கு அருகே, கறுப்பு இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று ஒட்டி, அது சூடேறிய பிறகு அதன்மேல் கிட்ட வைத்து அடியுங்கள். டேங்க்கில் அளப்பதானால் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே, பக்கவாட்டில், பெயின்ட் இருக்கும் இடத்தில் அடியுங்கள். வெயில் நேரடியாகப் படும் பக்கம் வேண்டாம்.

இரண்டு அளவு தேவை. ஒன்று, சீசனிலேயே குளிரான விடியலில் எஞ்சினைத் தட்டுவதற்கு முன் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பது. இரவு முழுக்க வண்டி வெளியே நின்றிருந்தால் அது அந்த நேரத்துக் காற்றின் வெப்பத்தை ஒட்டித்தான் இருக்கும். இன்னொன்று, வெயில் உச்சத்தில், தொடர்ந்து மூன்று நான்கு மணி நேரம் டிரில்லிங் நடந்த பிறகு, இதற்குமேல் ஏறவில்லை என்று நிற்கும் வெப்பம். வேலையை நிறுத்திவிட்டு, ராடு மாற்றி, டீ குடித்துவிட்டு வந்து அளந்தால் அது கணக்கில் வராது.

## மூன்றாவது: சூட்டுப் பக்கத்தை முதலில் தீர்க்க வேண்டும்

குளிரில் கட்டியாக இருக்கும் எண்ணெயைச் சமாளிக்க வழி உண்டு. எஞ்சினை மெதுவாக ஓட விட்டால் தானாக இளகிவிடும். மதியம் தண்ணீராகிப்போன எண்ணெய்க்கு அப்படி எந்த வழியும் இல்லை, நான்கைந்து மணி நேரம் பம்ப் அதைத்தான் குடித்தாக வேண்டும். அதனால் கிரேடை முடிவு செய்வது உச்ச வெப்பம். அது தீர்ந்த பிறகு, தேர்ந்தெடுத்த எண்ணெய் குளிரில் ஸ்டார்ட் ஆகுமா என்று சரிபார்க்க வேண்டும்.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். வேன் பம்ப். ஸ்டார்ட்டுக்கு 860, வேலைக்குக் குறைந்தபட்சம் 13 என்று கேட்டலாக் சொல்கிறது. மே மாதம் சக்‌ஷனில் அளந்தால் 80 டிகிரி. ஜனவரி விடியலில் 5 டிகிரி.

80 டிகிரியில் 46 எண்ணெய் 11 சென்டிஸ்டோக். கேட்பது 13. ஆகவே 46 அங்கேயே கழன்றுவிட்டது. 68 அதே சூட்டில் 15-ஐ ஒட்டி நிற்கிறது, தேறுகிறது. இப்போது குளிருக்குப் போவோம். 5 டிகிரியில் 68-க்கு 660, வரம்பு 860. ஸ்டார்ட் ஆகும். சரி, இந்த வண்டிக்கு 68.

இதே வண்டி பாறைப் பகுதியில் கடுமையாக வேலை செய்து எண்ணெய் 85-க்குப் போனால் 68-ம் 13 என்ற விளிம்புக்கே இறங்கிவிடும். இன்னொரு பக்கம், வடக்கே இன்னும் மேலே போய் எண்ணெய் 0 டிகிரிக்கு இறங்கினால் 1030 ஆகி ஸ்டார்ட் வரம்பைத் தாண்டிவிடும். அதாவது சாதாரண 68 இந்த வண்டிக்கு இரண்டு பக்கமும் விளிம்பில்தான் நிற்கிறது.

இந்த இடத்தில் "அப்படியானால் 100 ஊற்றிவிடலாமே" என்று யாராவது சொல்வார்கள். சூட்டுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அடுத்த ஜனவரியில் அது பம்ப்பைத் தின்றுவிடும். இதற்குச் சரியான பதில் விஐ அதிகமுள்ள எண்ணெய், கடைக்காரர்கள் மல்டிகிரேடு ஹைட்ராலிக் ஆயில் என்பார்கள். டேட்டா ஷீட்டில் எச்வி அல்லது எச்விஎல்பி என்ற வகையும், விஐ 140, 150 என்ற எண்ணும் இருக்கும். விஐ 150 உள்ள 68 எண்ணெய் 85 டிகிரியில் 15-ஐத் தாண்டி நிற்கும், 5 டிகிரியில் 460 அளவில்தான் இருக்கும். இரண்டு பக்கமும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

இதிலும் ஒரு குறை உண்டு. அந்த விஐ-யைத் தூக்கிப் பிடிப்பது எண்ணெயில் கலந்த பாலிமர். பம்ப்பிலும் ரிலீப் வால்விலும் அரைபட்டு அரைபட்டு அது வெட்டுப்படும், எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். வாங்கும்போது வெட்டுப்படாமல் தாங்குமா என்ற தகவல் டேட்டா ஷீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய எண்ணெயை ஒருமுறை லேபில் 40 டிகிரியில் அளக்கக் கொடுங்கள், புதிதாக இருந்ததைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. விலையும் கூடுதல். தமிழ்நாட்டுக்குள்ளேயே, 18, 20 டிகிரிக்குக் கீழே போகாத ஊர்களில் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்தக் காசு தண்டம் என்பது என் கருத்து. சாதாரண 68-ம் சுத்தமான கூலரும் போதும்.

## எண்ணெய் இளகினால் என்ன நடக்கிறது

பம்ப்புக்குள் நகரும் பாகங்களுக்கு நடுவே மைக்ரான் கணக்கில்தான் இடைவெளி. எண்ணெய் இளகியதும் அந்த இடைவெளி வழியாக அழுத்தப் பக்கத்தில் இருந்து திரும்ப ஒழுகுகிறது. வெளியே ஒரு சொட்டுத் தெரியாது. அப்படி ஒழுகும் எண்ணெய் எந்த வேலையும் செய்யாததால், அதிலிருந்த சக்தி முழுக்கச் சூடாகிறது. சூடு கூடினால் இன்னும் இளகும், இளகினால் இன்னும் ஒழுகும். காலையில் நன்றாக ஓடிய வண்டி இரண்டு மணிக்கு மேல் திடீரென்று மோசமாவது இந்தச் சுற்றில் விழுந்ததால்தான்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று. எண்ணெய் 45, 50 டிகிரியில் இருக்கும் காலை நேரத்தில், லோடு இல்லாமல், ஒரே ஆர்பிஎம்-இல் ஃபீட் சிலிண்டர் அடியிலிருந்து நுனிவரை போக எத்தனை வினாடி என்று போன் ஸ்டாப்வாட்சில் எடுங்கள். மதியம் எண்ணெய் உச்ச சூட்டில் இருக்கும்போது அதே ஆர்பிஎம்-இல் மறுபடி எடுங்கள். காலை 20 வினாடி, மதியம் 22 என்றால் கவலை இல்லை. 28 என்றால் பம்ப் தள்ளுவதில் கால் பங்குக்கு மேல் உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. ராடுகளைத் தொங்கவிட்டு லீவரை நடுவில் வைத்தால் தானாக மெல்ல இறங்குவதும், ரொட்டேஷன் கைவிட்டுப்போவதும் இதே கதை.

இளகல் இன்னும் கூடினால் உலோகமும் உலோகமும் உரசும். வேன் பம்ப் கார்ட்ரிட்ஜைப் பிரித்தால் ரிங்கின் உள்பக்கம் கோடு கோடாகக் கீறியிருக்கும், வேன் நுனிகள் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். எண்ணெய் 82 டிகிரியைத் தாண்டி நின்றுகொண்டே இருந்தால் சாதாரண ரப்பர் சீல்களும் இறுகி வெடிக்கத் தொடங்கும்.

## கட்டியாக இருந்தால் என்ன நடக்கிறது

இங்கே சிக்கல் சக்‌ஷன் பக்கம். டேங்க்கில் இருந்து பம்ப் வரை எண்ணெயைத் தள்ளுவது வெறும் காற்றழுத்தம்தான். கட்டியான எண்ணெய் ஸ்ட்ரெய்னர் வழியாகவும் ஹோஸ் வழியாகவும் வேகமாக வர முடியாமல் திணறும்போது பம்ப்பின் வாயில் வெற்றிடம் உண்டாகிறது. எண்ணெய்க்குள் குமிழிகள் பிறந்து, அழுத்தப் பக்கம் போனதும் நொறுங்குகின்றன. நொறுங்கும் ஒவ்வொரு குமிழியும் உலோகத்தில் ஒரு சின்னக் குழியைக் குத்துகிறது. சைட் பிளேட்டைக் கையில் எடுத்தால் பூச்சி அரித்த மரம் மாதிரி பொரிப்பொரியாக இருக்கும். வேன் பம்ப்பில் கூடுதலாக ஒன்று: கட்டியான எண்ணெயில் வேன்கள் தங்கள் பள்ளத்தில் இருந்து வெளியே வராமல் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடும், ஹைட்ராலிக் மட்டும் ஏறாது.

சத்தத்தை வைத்தே பிரிக்கலாம். காலையில் ஒரே சீராகக் கீச்சென்று ஊளையிட்டு, எண்ணெய் சூடேற ஏற அடங்கிவிட்டால், எண்ணெய் கட்டி. அப்படி இல்லாமல் சரளைக்கல் உருள்வதுபோல் விட்டு விட்டுச் சத்தம், டேங்க் கண்ணாடியில் நுரை, சூடேறியும் அடங்கவில்லை என்றால் அது கிரேடு பிரச்சினை இல்லை. சக்‌ஷன் ஹோஸ் கிளாம்பிலோ பம்ப் ஷாஃப்ட் சீலிலோ காற்று இழுக்கிறது. சூடேறியும் ஊளை நிற்கவில்லை, நுரையும் இல்லை என்றால் ஸ்ட்ரெய்னரைக் கழற்றிப் பாருங்கள்.

இதைவிடச் சத்தமில்லாத கேடு ஃபில்டரில் நடக்கிறது. கட்டியான எண்ணெய் ரிட்டர்ன் ஃபில்டரைத் தாண்ட முடியாமல் அழுத்தம் ஏறும், பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். அந்த நேரம் முழுக்க எண்ணெய் வடிகட்டப்படாமலேயே சுற்றுகிறது. போர்வெல் வேலையில் பாறைத்தூள் எங்கேயும் இருக்கும், எனவே இது சின்ன விஷயம் இல்லை.

## குளிரில் வண்டியை எழுப்பும் முறை

மேலே சொன்ன வண்டியில் 5 டிகிரியில் 660 இருந்தது. ஸ்டார்ட் ஆகலாம், ஆனால் லோடு கொடுக்கக் கூடாது. 68 எண்ணெய் 100-ஐ ஒட்டி இறங்குவது 32 டிகிரி அளவில், 54-ஐத் தொடுவது 45 டிகிரியில். ஆகவே ஐடிலில் பத்து நிமிடம் எந்த லீவரையும் தொடாமல் விடுங்கள். பம்ப் சத்தம் சீரான பிறகு சிலிண்டர்களை லோடு இல்லாமல் மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டுங்கள். எண்ணெய் 30-ஐத் தாண்டிய பிறகு மெல்ல வேலையைத் தொடங்கலாம், முழு ஆர்பிஎம்-மும் முழு லோடும் 45-க்கு அப்புறம்.

அவசரத்தில் சிலர் சிலிண்டரை முட்டவிட்டு, லீவரைப் பிடித்தபடியே ரிலீப் வால்வில் எண்ணெயைச் சூடாக்குவார்கள். வால்வைச் சுற்றி மட்டும் எண்ணெய் வெந்துபோகும், டேங்க்கின் ஓரத்தில் இருப்பது இன்னும் கட்டியாகவே இருக்கும். அந்தக் கட்டி எண்ணெயைத்தான் பம்ப் அடுத்து இழுக்கப்போகிறது.

## கிரேடை மாற்றும் முன் கூலரைப் பாருங்கள்

மதியம் வண்டி சோர்ந்தால் உடனே கட்டியான எண்ணெய்க்குத் தாவுவது கூடாது. ஹேமர் கிளப்பும் தூசி கூலர் ஃபின்களுக்கு நடுவே போய் உட்காரும், எண்ணெய்க் கசிவு பட்டால் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். முன்பக்கம் சுத்தமாகத் தெரியும், டார்ச்சைப் பின்னால் பிடித்தால் வெளிச்சம் வராது. ஃபேன் காற்று போகும் திசைக்கு எதிர்த்திசையில் கம்ப்ரசர் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். முழு அழுத்தத்தில் அடித்தால் ஃபின் மடங்கிவிடும். கூலர் சுத்தமாகி எண்ணெய் 90-லிருந்து 75-க்கு இறங்கினால், 68-இன் பாகுத்தன்மை 11-லிருந்து 17-க்கு ஏறும். 100 எண்ணெய் ஒரு பேரல் வாங்கி 90 டிகிரியிலேயே ஓட்டியிருந்தால் இவ்வளவு பலன் கிடைத்திருக்காது.

கூலர் சரி, எண்ணெய் மட்டம் சரி, ரிலீப் வால்வு தாழ்வாக செட் ஆகிச் சும்மா திறந்துகொண்டிருக்கவில்லை என்று உறுதியான பிறகே கிரேடைத் தொடுங்கள். தேய்ந்த பம்ப்பில் கட்டி எண்ணெய் ஊற்றினால் சில வாரம் சமாளிக்கும், உண்மைதான். சீசன் நடுவில் பம்ப் கிடைக்காதபோது அது ஒரு தற்காலிக வழி. ஆனால் குளிர்காலம் வருமுன் பம்ப்பையும் எண்ணெயையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

## மாற்றும்போது

டேங்க்கை மட்டும் வடித்தால் வேலை முடியாது. சிலிண்டர்கள், ஹோஸ்கள், கூலர், மோட்டார் ஆகியவற்றில் பழையது கணிசமாகத் தங்கியிருக்கும். 46 இருந்த வண்டியில் 30 சதவீதம் பழையது தங்கி, மீதிக்கு 68 ஊற்றினால் கிடைப்பது 60 அளவிலான எண்ணெய்தான், 68 இல்லை. சிலிண்டர்களை முழுக்க மடக்கிவைத்து, எண்ணெய் சூடாக இருக்கும்போதே வடியுங்கள். கூலரின் அடிப் பக்க ஹோஸையும் கழற்றுங்கள். ஸ்ட்ரெய்னரைக் கழுவி, ரிட்டர்ன் ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள். புது எண்ணெயையும் நேராக ஊற்றாதீர்கள். பேரலில் வருவது பம்ப் கேட்கும் அளவுக்குச் சுத்தமாக இருக்காது, ஃபில்டர் வழியாகவே ஏற்றுங்கள்.

டாப்-அப்புக்கு எஞ்சின் ஆயில் 15டபிள்யூ-40 ஊற்றும் பழக்கம் பல வண்டிகளில் உண்டு. 40 டிகிரியில் அது 100-ஐத் தாண்டிய எண்ணெய், அதுவே முதல் தப்பு. அதிலுள்ள டிடர்ஜென்ட் தண்ணீரைப் பிரியவிடாமல் எண்ணெயோடு கலந்தே வைத்திருக்கும் என்பது அதைவிடப் பெரிய தப்பு. டேங்க் கண்ணாடியில் எண்ணெய் மோர் நிறத்தில் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

மாற்றிய பிறகு அந்த ஸ்டாப்வாட்ச் சோதனையை காலையும் மதியமும் மறுபடி எடுத்து, வினாடிகளையும் அப்போதைய எண்ணெய் வெப்பத்தையும் டேங்க் மூடிக்குப் பக்கத்தில் பெயின்டால் எழுதிவிடுங்கள். கிரேடு, கம்பெனி, மாற்றிய தேதியும் அதோடு இருக்கட்டும். அடுத்த மாநிலத்தில் வேறொரு டிரில்லர் கையில் வண்டி இருக்கும்போது, எதை ஊற்றுவது என்று அவர் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்காது.